மழையாலா, மழையால் வந்ததா?

டயகம, அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே சோடி ஆங்கிலச் சொற்களைச் சுற்றியே இருக்கின்றன: பிகோஸ் ஒஃப், டியூ டு. அதனால் இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன். ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படியே தமிழில் தருகிறேன். வாய்விட்டு வாசியுங்கள், காதில் நன்றாகப் பதியும்.

கேள்வி: சேர், இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதானே? நான் ஒன்றை எழுதினால் டியூஷனில் அதை வெட்டிவிட்டு மற்றதை எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்கிறார்கள்.
— பதினோராம் வகுப்பு மாணவி, டயகம மேற்கு

பதில்: அர்த்தம் ஒன்றுதான் தங்கச்சி. உட்காரும் இடம்தான் வேறு.

"மழை காரணமாக", "மழை காரணமான" என்று தமிழில் இரண்டு சொல்கிறோம். மழை காரணமாகப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது என்றால், "காரணமாக" போய் ஒட்டுவது "மூடப்பட்டது" என்ற வினையில். மழை காரணமான விடுமுறை என்றால், "காரணமான" ஒட்டுவது "விடுமுறை" என்ற பெயரில். "மழை காரணமான மூடப்பட்டது" என்று ஒருநாளும் நீங்கள் எழுதமாட்டீர்கள். காது ஒப்பாது.

ஆங்கிலத்திலும் அதே கதைதான். பிகோஸ் ஒஃப் வினையோடு போகும், "ஏன் நடந்தது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். டியூ என்பது பிறப்பால் பெயரடை. அதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு பெயர்ச்சொல் வேண்டும்.

உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். "த பஸ் வோஸ் லேட் பிகோஸ் ஒஃப் த மிஸ்ட்." பஸ் பிந்தியது, ஏன்? பனிமூட்டத்தால். இதையே தாமதம் என்ற பெயரை வைத்துச் சொன்னால், "த டிலே வோஸ் டியூ டு த மிஸ்ட்." தாமதம் பனிமூட்டத்தால் ஏற்பட்டது.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கி, அந்த இடத்தில் "ஆல் ஏற்பட்ட" அல்லது "ஆல் ஏற்பட்டது" என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் டியூ டு. தாமதம் பனிமூட்டத்தால் ஏற்பட்டது, பொருந்துகிறது. பஸ் பனிமூட்டத்தால் ஏற்பட்டது, பொருந்தவே இல்லை. பனிமூட்டத்தில் பஸ் உற்பத்தியாகாதே! அங்கே பிகோஸ் ஒஃப்தான். உங்கள் டியூஷன் ஆசிரியர் வெட்டிய இடங்களையெல்லாம் இப்படிச் சோதித்துப் பாருங்கள், காரணம் தானாகத் தெரியவரும்.

கேள்வி: மகனுக்குச் சுகமில்லாமல் போனதற்கு அவனே ஆங்கிலத்தில் லீவுக் கடிதம் எழுதினான்: "டியூ டு ஐ வோஸ் சிக் ஐ குட் நொட் கம் டு ஸ்கூல்." சிவப்பு மையில் சுழித்து வந்திருக்கிறது. என்ன பிழை என்று எனக்கும் விளங்கவில்லை.
— கொழுந்தெடுக்கும் ஒரு தாய், டயகம கிழக்கு

பதில்: அக்கா, இது கவனக்குறைவில் வந்த பிழை அல்ல. மகன் தமிழில் சரியாகச் சிந்தித்ததால் வந்த பிழை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே விளக்குகிறேன்.

"காய்ச்சலால் வரவில்லை" என்கிறோம். "எனக்குக் காய்ச்சல் வந்ததால் வரவில்லை" என்றும் சொல்கிறோம். இரண்டிலும் முடிவில் வருவது ஒரே "ஆல்". தனிப் பெயரோடும் அது சேரும், "வந்தது" என்று வினையைப் பெயராக்கினால் அதோடும் சேரும். தமிழுக்கு ஒரு கதவு போதும். ஆங்கிலத்துக்கு இரண்டு கதவுகள். பெயர் மட்டும் போனால் பிகோஸ் ஒஃப். எழுவாயும் வினையும் சேர்ந்த முழு வாக்கியம் போனால் வெறும் பிகோஸ், ஒஃப் கூடாது. டியூ டு என்ற சொல்லும் பெயரைத்தான் உள்ளே விடும், முழு வாக்கியத்தை விடாது.

"ஐ வோஸ் சிக்" என்பது எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியம். அதை டியூ டுவுக்குப் பின்னால் வைத்ததுதான் சுழிப்புக்குக் காரணம். "பிகோஸ் ஒஃப் ஐ வோஸ் சிக்" என்று மாற்றினாலும் அதே பிழைதான்.

மகனிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முதலில் தமிழில் நினைத்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதட்டும். "ஆல்" வரும் சொல்லுக்குக் கீழே கோடு போடட்டும். கோடு போட்ட சொல்லுக்குள் வினை ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். "வந்ததால்" என்பதில் "வா" இருக்கிறது, எனவே பிகோஸ்: "ஐ குட் நொட் கம் டு ஸ்கூல் பிகோஸ் ஐ வோஸ் சிக்." "காய்ச்சலால்" என்பதில் வினை இல்லை, எனவே பிகோஸ் ஒஃப்: "ஐ குட் நொட் கம் டு ஸ்கூல் பிகோஸ் ஒஃப் ஃபீவர்." டியூ டுதான் வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருந்தால், அது ஒட்டிக்கொள்ள ஒரு பெயரைக் கொண்டுவரட்டும். வராமை என்பதற்கு எப்சன்ஸ் என்ற சொல் இருக்கிறது: "மை எப்சன்ஸ் வோஸ் டியூ டு ஃபீவர்." லீவுக் கடிதத்துக்கு மிக அழகான வாக்கியம் இது.

எழுதி முடித்த தாளில் பிழை பிடிக்கவும் ஒரு வழி உண்டு. பிகோஸ் ஒஃப், டியூ டு இரண்டில் எதற்காவது அடுத்தபடியாக ஐ, ஹி, ஷி, வி, தே என்ற ஐந்தில் ஒன்று நின்றால் அங்கே பிழை இருக்கிறது. அந்த இடத்தில் மீ, ஹிம், ஹர், அஸ், தெம்தான் நிற்கலாம். பிகோஸ் ஒஃப் ஹிம் என்றால் அவனால். பிகோஸ் ஒஃப் ஹி என்று எதுவும் கிடையாது.

கேள்வி: முழு வாக்கியம் வரக்கூடாது என்கிறீர்கள். ஆனால் செய்தித்தாளில் "பிகோஸ் ஒஃப் வட் ஹி செட்" என்று பார்த்தேன். அங்கே "ஹி செட்" முழு வாக்கியம்தானே?
— க.பொ.த. உயர்தர மாணவர், அக்கரப்பத்தனை

பதில்: நல்ல கண் உங்களுக்கு. "வட் ஹி செட்" என்றால் "அவர் சொன்னது". முன்னால் வந்த வட் அந்தத் துண்டு முழுவதையும் ஒரு பெயராகக் கட்டிவிட்டது. "அவர் சொன்னதால்" என்று தமிழில் ஆல் சேர்ப்பதும் இதைப் போலத்தான். வினையோடு ஐஎன்ஜி சேர்த்தாலும் பெயராகிவிடும். "டியூ டு த பஸ் பீயிங் லேட்" என்பது அந்த வகை. பஸ் பிந்தியமை என்று அர்த்தம். பிழையில்லை, ஆனால் நாவுக்குக் கொஞ்சம் முரடு. எனக்கென்றால் "பிகோஸ் த பஸ் வோஸ் லேட்" போதும்.

சிலர் "டியூ டு த ஃபெக்ட் தட்" என்று போட்டுவிட்டு, அதன்பின் முழு வாக்கியத்தை எழுதுகிறார்கள். இலக்கணம் தவறவில்லை. ஃபெக்ட் என்ற பெயர் அங்கே வாசலில் நிற்கிறது. ஆனால் ஐந்து சொற்கள் செய்யும் வேலையை பிகோஸ் என்ற ஒரே சொல் செய்யும். பரீட்சையில் சொல் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருந்தால் முதலில் வெட்ட வேண்டியது இதைத்தான்.

கேள்வி: "டியூ டு" என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று எங்கள் காலத்து ஆசிரியர் சொல்லித் தந்தார். இப்போது ரயில் நிலையத்திலும் அரசாங்க அறிவித்தலிலும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். யார் சரி?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தலவாக்கலை

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது அவர் காலத்துக்குச் சரி, ஐயா. அந்தத் தடைக்கு வரலாறு உண்டு. 1926இல் ஃபவுலர் எழுதிய ஆங்கிலப் பிரயோக அகராதி, டியூ டுவை வினையோடு ஒட்டுவது படிக்காதவர்களின் வழக்கம் என்று கடுமையாகச் சொன்னது. அவருக்கு முன்பே, 1918இல் அமெரிக்காவில் ஸ்ட்ரங்க் என்ற பேராசிரியர் தன் மாணவர்களுக்கு எழுதிய சிறு கையேட்டிலும் இதே தடை இருந்தது. நம் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் படித்த ஆங்கிலம் அந்த மரபில் வந்தது.

பிறகு 1957 ஒக்டோபரில் இரண்டாம் எலிசபெத் அரசியார் கனடா நாடாளுமன்றத்தைத் தொடக்கிவைத்தபோது வாசித்த உரையில், தானியத்தை விற்க முடியாத விவசாயிகளைப் பற்றிய வாக்கியம் டியூ டு என்றே தொடங்கியது. 1965இல் ஃபவுலரின் நூலைத் திருத்திப் பதிப்பித்த கவர்ஸ், அந்தப் பிரயோகம் அரசியாரின் ஆங்கிலமாகவே ஆகிவிட்டது என்று எழுதினார். அகராதிகளும் இன்று அதை ஏற்றுக்கொள்கின்றன. எனவே ரயில் நிலைய அறிவித்தலைப் பிழை என்று சொல்ல முடியாது.

ஆனாலும் என் தீர்மானம் இதுதான்: சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை வாக்கியத்தைத் தொடங்க பிகோஸ் ஒஃப்பையே எடுக்கட்டும். அதைப் பழைய ஆசிரியரும் திருத்தமாட்டார், புதிய ஆசிரியரும் திருத்தமாட்டார். தொடங்கிய துண்டு முடிந்ததும் ஒரு காற்புள்ளி வேண்டும். "பிகோஸ் ஒஃப் த ரெயின், த ஸ்கூல் வோஸ் க்ளோஸ்ட்." அதே துண்டு வாக்கியத்தின் கடைசியில் வந்தால் பெரும்பாலும் காற்புள்ளி தேவையில்லை.

கேள்வி: மண்சரிவில் எங்கள் லயத்தின் பின்சுவர் போனது. அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வரி: "வி ஹேவ் நொட் ரிசீவ்ட் கொம்பன்சேஷன் ஃபோ டமேஜ் டியூ டு த லேண்ட்ஸ்லைட்." இதை அவர்கள் வேறு மாதிரி விளங்கிக்கொண்டது போலப் பதில் வந்தது. பிழை எங்கே?
— தோட்டத் தொழிற்சங்க இளைஞர், டயகம

பதில்: தம்பி, இந்த வாரக் கடிதங்களில் மிக முக்கியமானது உங்களுடையது. இங்கே இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருக்கிறது.

முதல் பொருள்: மண்சரிவால் ஏற்பட்ட சேதத்துக்கான நட்டஈடு எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இங்கே டியூ டு, டமேஜ் என்ற பெயரில் ஒட்டுகிறது. நீங்கள் நினைத்தது இதுதான்.

இரண்டாவது பொருள்: ஏதோ ஒரு சேதத்துக்கான நட்டஈடு, மண்சரிவு நடந்த காரணத்தால் எங்களுக்கு வந்துசேரவில்லை. பாதை அடைபட்டிருக்கலாம், அலுவலர் வர முடியாமல் போயிருக்கலாம். இங்கே டியூ டு, கிடைக்கவில்லை என்ற வினையில் ஒட்டுகிறது. இப்படி வாசிக்கும் எழுதுவினைஞருக்குச் சேதம் எதனால் வந்தது என்று உங்கள் வரி சொல்லவே இல்லை. தாமதத்துக்கு மட்டும் காரணம் சொல்லியிருக்கிறீர்கள்.

ஃபவுலரின் பழைய விதி எல்லோரிடமும் நின்றிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. டியூ டு பெயரில்தான் ஒட்டும், எனவே சேதம் மண்சரிவினுடையது என்று எவரும் ஒரே மாதிரி வாசித்திருப்பார்கள். அந்த விதி வெறும் பிடிவாதம் அல்ல, அதற்கு ஒரு பயன் இருந்தது என்பதற்கு உங்கள் வரியே சாட்சி. ஆனால் விதி தளர்ந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைக் காக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. எனவே விதியை நம்பி எழுதாதீர்கள், ஒரே ஒரு பொருள் மட்டும் வரும்படி வாக்கியத்தைக் கட்டுங்கள்.

முதல் பொருளுக்கு டியூ டுவை எடுத்துவிட்டு ஒரு பெயரெச்சத்தை வையுங்கள்: "டமேஜ் கோஸ்ட் பை த லேண்ட்ஸ்லைட்." மண்சரிவு உண்டாக்கிய சேதம். இது டமேஜை விட்டு நகரவே நகராது. இன்னும் உறுதியாக வேண்டுமானால் ஒரு வரியை இரண்டாக்குங்கள். "த லேண்ட்ஸ்லைட் டமேஜ்ட் அவர் லைன் ரூம்ஸ். வி ஹேவ் நொட் ரிசீவ்ட் கொம்பன்சேஷன்." மண்சரிவு எங்கள் லயக் காம்பராக்களைச் சேதப்படுத்தியது, நட்டஈடு கிடைக்கவில்லை. முதல் வாக்கியத்தில் திகதியையும் சேர்த்தால் யாரும் வேறு மாதிரி வாசிக்க இடமே இல்லை.

இரண்டாவது பொருளைச் சொல்ல நினைப்பவர்கள் காரணத்தை வாக்கியத்தின் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்: "பிகோஸ் ஒஃப் த லேண்ட்ஸ்லைட்" என்று தொடங்கி, காற்புள்ளி போட்டு, மீதியை எழுத வேண்டும். முன்னுக்குப் போன காரணம் டமேஜைத் தொடாது.

அடுத்த கடிதத்தை அனுப்புமுன் இன்னொருவரிடம் கொடுத்து, தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் "மண்சரிவால்" என்று சொன்னதும் அடுத்து என்ன சொல் வருகிறது என்று கவனியுங்கள். "ஏற்பட்ட சேதம்" என்று வந்தால் அனுப்பலாம். "கிடைக்கவில்லை" வந்தால் திருத்த வேண்டும்.

கேள்வி: "வி டிட் நொட் ஸ்டொப் வேர்க் பிகோஸ் ஒஃப் த ரெயின்." மழையில் வேலை நிறுத்தினோமா இல்லையா?
— அதே சங்கத்தின் இன்னோர் உறுப்பினர்

பதில்: அதுதான் தெரியவில்லை! "மழை பெய்ததனால் நிறுத்தவில்லை" என்றும் எடுக்கலாம். வேலை நடந்துகொண்டே இருந்தது என்று ஆகும். "நிறுத்தியது உண்மை, ஆனால் மழையால் அல்ல" என்றும் எடுக்கலாம். நொட் எதைத் தொடுகிறது என்பதில் இருக்கிறது விஷயம். நிறுத்துதலையா, காரணத்தையா? பேசும்போது குரல் அதைக் காட்டிவிடும். தாளில் குரல் இல்லை.

நிறுத்தியிருந்தால் இப்படி எழுதுங்கள்: "வி ஸ்டொப்ட் வேர்க், பட் நொட் பிகோஸ் ஒஃப் த ரெயின்." நொட் நேராகக் காரணத்தின் முன்னால் போய் நின்றுவிட்டது. நிறுத்தவில்லை என்றால் காரணத்தையே விட்டுவிடுங்கள். மழையிலும் வேலை செய்தோம் என்று சொன்னால் முடிந்தது. அரைப் பேரா முழுப் பேரா என்ற வழக்கில் இந்த வரி போய் நின்றால், சந்தேகம் உங்களுக்குத்தான் நட்டம்.

கேள்வி: "த ரீசன் ஃபோ மை எப்சன்ஸ் வோஸ் டியூ டு ஃபீவர்." இதில் ஒரு மார்க் குறைத்திருக்கிறார்கள்.
— பத்தாம் வகுப்பு மாணவன், ஹோல்புரூக்

பதில்: காரணத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள், தம்பி. "நான் வராததற்குக் காரணம் காய்ச்சல் காரணமாக" என்று தமிழில் எழுதிப் பாருங்கள். ரீசன் வந்தால் டியூ டு வேண்டாம்: "த ரீசன் வோஸ் ஃபீவர்." டியூ டு வந்தால் ரீசன் வேண்டாம். "த ரீசன் இஸ் பிகோஸ்" என்று பேச்சில் நிறையக் கேட்பீர்கள். எழுத்தில் அதற்குப் பதில் "த ரீசன் இஸ் தட்" என்று எழுதினால் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

கேள்வி: பஸ் நேரம் பற்றிய ஒரு வாக்கியத்தில் "த பஸ் இஸ் டியூ டு லீவ் அட் சிக்ஸ்" என்று இருந்தது. லீவ் காரணமாகப் பஸ்ஸா? சம்பளத் துண்டிலும் ஒரு டியூ இருக்கிறது. தலை சுற்றுகிறது.
— தொழிற்பயிற்சி பெறும் யுவதி, லிந்துலை

பதில்: அந்தச் சம்பளத் துண்டு டியூதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. டியூ என்றால் முதலில் கடன்பட்டது, கொடுக்க வேண்டியது. இலத்தீனில் கடன்படுதலைக் குறித்த வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். "வேஜஸ் டியூ டு த வேர்க்கர்ஸ்" என்றால் தொழிலாளருக்குச் சேர வேண்டிய சம்பளம். டுவுக்குப் பின்னால் ஆள் நிற்பார். இந்த நேரத்துக்கு வர வேண்டியது, போக வேண்டியது என்பது அதன் இன்னொரு கிளை. அங்கே டுவுக்குப் பின்னால் லீவ், அரைவ் போன்ற வெறும் வினை நிற்கும், காரணம் எதுவும் கிடையாது. டுவுக்குப் பின்னால் மழை, காய்ச்சல், மண்சரிவு மாதிரி ஒரு நிகழ்ச்சியின் பெயர் நின்றால் அது நாம் இத்தனை நேரம் பேசிய டியூ டு. விளைவு தன் காரணத்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது அதன் உட்பொருள். அதனால்தான் கடன்பட ஒரு பெயர் வேண்டும் என்று பழைய இலக்கணக்காரர்கள் அடம்பிடித்தார்கள்.

மூன்றும் அடுத்தடுத்து வந்தாலும் இனி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. மனேஜர் ஒருவர் "த வேஜஸ் டியூ டு த வேர்க்கர்ஸ் ஆர் டியூ டு பி பெய்ட் ஒன் த டென்த்" என்று எழுதினால், தொழிலாளருக்குச் சேர வேண்டிய சம்பளம் பத்தாம் திகதி கொடுபட இருக்கிறது என்று பொருள். முதல் டியூ டுவுக்குப் பின்னால் ஆள், இரண்டாவதற்குப் பின்னால் வினை. பத்தாம் திகதி பணம் வராமல், "டியூ டு எ பேங்க் ஹொலிடே" என்று இன்னோர் அறிவித்தல் ஒட்டினால் அது மூன்றாவது.

கேள்வி: கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன்தான் எனக்கு டியூஷன் காசு அனுப்பினார். ஆங்கிலத்தில் ஏ எடுத்துவிட்டேன். அவருக்கு எது எழுதுவது, பிகோஸ் ஒஃப் யூவா, டியூ டு யூவா?
— சாதாரண தரம் முடித்த மாணவி, டயகம

பதில்: வாழ்த்துகள்! "ஐ கொட் என் ஏ பிகோஸ் ஒஃப் யூ" என்று எழுதினால் பேசுகிற மாதிரி இருக்கும், சரியாகவும் இருக்கும். "ஐ கொட் என் ஏ டியூ டு யூ" வேண்டாம். ஏதோ விபத்து அறிக்கை போல ஒலிக்கும். டியூ டுவை வைத்தே எழுத ஆசையென்றால் பெயரை முன்னால் நிறுத்துங்கள்: "மை சக்சஸ் இஸ் டியூ டு யூ." என் வெற்றி உங்களால் வந்தது. கொஞ்சம் மேடைப் பேச்சுப் போல இருந்தாலும் பிழையில்லை. பெரும்பாலும் நல்ல காரியத்துக்கு என்று ஆங்கிலத்தில் "தேங்க்ஸ் டு யூ" என்றும் ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கு நான் எழுதுவதானால் முதலாவதைத்தான் எழுதுவேன்.